மணி அடிச்சா எந்திரிக்கணும்: ஒரு சன்னியாசியோட ஒரு நாள் (வீடியோ ஸ்கிரிப்ட்)

காட்சி: இருட்டு. மடத்து முன்வாசல். ஒரே ஒரு டியூப்லைட். மணிச் சத்தம்.

குரல்: இப்ப மணி காலைல நாலே முக்கால். கொங்கு பக்கம் ஒரு சின்ன ராமகிருஷ்ண மடத்துல நிக்கிறேன், நேத்து ராத்திரியே வந்து கெஸ்ட் ரூம்ல படுத்துட்டேன், ஏன்னா இங்க நாள் ஆரம்பிக்கிறதே இந்த நேரத்துலதான். அஞ்சு மணிக்கு மங்கள ஆரத்தி. அதுக்குள்ள எல்லாரும் குளிச்சு முடிச்சு ஈரத் தலையோட வந்து உக்காந்துட்டாங்க. நாம பேசப் போற சுவாமிக்கு அம்பது வயசு தாண்டிருச்சு, ராமகிருஷ்ண மடத்துல சேந்து இருபத்தெட்டு வருஷம். பேரு வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால இங்க எல்லாரும் கூப்பிடுற மாதிரியே மகராஜ்னு கூப்பிடுறேன்.

காட்சி: சமையல்கட்டு. மகராஜ் தரையில உக்காந்து அரிவாமணையில பூசணிக்காய் நறுக்குறாரு. பக்கத்துல ரெண்டு பிரம்மச்சாரிங்க.

நான்: மகராஜ், நேரடியா கேட்டுடறேன். வாழ்க்கையில அடிபட்டவங்கதான் சாமியாரா போறாங்கன்னு வெளிய ஒரு பேச்சு இருக்கு இல்லையா?

மகராஜ்: இருக்கு தம்பி. அப்படி வர்றவங்களும் உண்டு. காதல் தோல்வி, கடன், வீட்ல சண்டைன்னு பையைத் தூக்கிட்டு வாசல் கேட் கிட்ட வந்து நிப்பாங்க. நாலு நாள் தங்கட்டும், சாப்பிடட்டும், அப்புறம் பேசி ஊருக்கு அனுப்பி வெச்சிடுவோம். கோவத்துல விட்டது கோவம் ஆறினதும் திரும்ப வேணும்னு கேக்கும். அதனாலதான் இங்க உடனே காவி குடுக்கறதில்ல.

நான்: எத்தனை வருஷம் ஆகும்?

மகராஜ்: மொதல்ல ஒரு வருஷம் சும்மா கூட இருந்து பாக்கணும். அவங்களுக்கு நாங்க ஒத்து வர்றமா, எங்களுக்கு அவங்க ஒத்து வர்றாங்களான்னு. அப்புறம் நாலு வருஷம் பயிற்சி, அதுல ரெண்டு வருஷம் கல்கத்தா பக்கத்துல பேலூர் மடத்துல இருந்து கீதை, உபநிஷத்து எல்லாம் படிக்கணும். அதுக்கப்புறம்தான் பிரம்மச்சரிய விரதம், வெள்ளை வேட்டி, சைதன்யன்னு முடியற ஒரு புதுப் பேரு. இன்னும் ஒரு நாலு வருஷம் போயி, தகுதி இருக்குன்னு பெரியவங்களுக்குப் பட்டாத்தான் சன்னியாசம். ஆக கிட்டத்தட்ட ஒம்பது பத்து வருஷம். அதுவரைக்கும் எப்ப வேணா வீட்டுக்குப் போலாம், யாரும் தப்பா பேச மாட்டாங்க. என் கூட சேர்ந்த ஒருத்தர் ஆறாவது வருஷம் போயிட்டாரு, இப்பவும் குடும்பத்தோட வந்து பாத்துட்டுப் போவாரு.

குரல்: பெண்களுக்கும் இதே வழி இருக்கு, ஆனா அது தனி அமைப்பு. ஸ்ரீ சாரதா மடம்னு 1954ல ஆரம்பிச்சது, முழுக்க முழுக்க பெண் துறவிகளே நடத்தறாங்க.

நான்: சன்னியாசம் வாங்கற அன்னிக்கு என்ன நடக்கும்?

காட்சி: மகராஜ் அரிவாமணையை மடக்கி ஓரமா வெக்கிறாரு. கையைத் துடைச்சுக்கறாரு.

மகராஜ்: அதுக்கு முன்னாடி நமக்கு நாமே சிராத்தம் பண்ணணும் தம்பி. அப்பா தாத்தாவுக்குப் பிண்டம் வெக்கிற மாதிரி நமக்கும் வெச்சுக்கணும். அதோட பழைய ஆளு செத்துட்டான்னு அர்த்தம். அப்புறம் விடியறதுக்கு முன்னாடி விரஜா ஹோமம், தலையில விட்டு வெச்ச குடுமியையும் பூணூலையும் அந்த நெருப்புல போட்டுடணும். குரு காவித் துணி குடுப்பாரு, ஆனந்தான்னு முடியற பேரு குடுப்பாரு. அப்புறம் பிச்சை எடுக்கக் கிளம்பணும். நான் ஒரு பேங்க்ல வேலை பாத்தவன், கை நீட்டி ஒரு கைப்பிடி சோறு வாங்கறப்ப உடம்பே நடுங்கிருச்சு. அந்தம்மா யாருன்னே தெரியாது, சோத்தைப் போட்டுட்டு என்னைக் கும்பிட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு.

நான்: வீட்ல?

மகராஜ்: அப்பா தவறினப்ப சேதி வந்துச்சு. கொள்ளி வெக்கிற உரிமை எனக்குக் கிடையாது, தம்பிதான் வெச்சான். நான் இங்க கோயில்ல உக்காந்து ஜபம் பண்ணிட்டு இருந்தேன். (கொஞ்ச நேரம் பேசலை.) அம்மா வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க, எல்லா பக்தர்களோட வரிசையில உக்காந்து சாப்பிடுவாங்க. மொத தடவை வந்தப்ப என்னை வாங்க போங்கன்னு கூப்பிட்டாங்க பாருங்க, அன்னிக்குத்தான் நிஜமா வீட்டை விட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

குரல்: இதுக்கு மேல அதைப் பத்தி நான் கேக்கலை. கேக்கவும் தோணலை.

காட்சி: பள்ளிக்கூட வராண்டா. பிள்ளைங்க சத்தம். மகராஜ் ஒரு ஃபைலோட நடக்கிறாரு.

நான்: ஆரத்திக்கு அப்புறம் நாள் எப்படிப் போகும்?

மகராஜ்: தியானம், ஜபம், வேத பாராயணம், டிபன், அதுக்கப்புறம் வேலைதான். எனக்கு இந்த ஸ்கூல் பொறுப்பு, இன்னொருத்தருக்கு டிஸ்பென்சரி, ஒருத்தருக்கு மாட்டுத் தொழுவம். சம்பளம்னு ஒண்ணு கிடையாது. மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பிரம்மார்ப்பணம் சொல்லிட்டு பிரசாதம் சாப்பிடுவோம், என்ன போடறாங்களோ அதான். கொஞ்சம் ரெஸ்ட், மறுபடி வேலை, பொழுது சாயற நேரம் ஆரத்தி, அப்புறம் ஜபம், ராத்திரி சாப்பாடு, பத்து மணிக்கு லைட் ஆஃப். ஏகாதசின்னா ராமநாம சங்கீர்த்தனம் இருக்கும்.

நான்: துறவின்னா காட்டுல தனியா இருக்கறதுன்னு நெனச்சேன், நீங்க காலைல இருந்து கரண்ட் பில்லு, யூனிஃபார்ம்னு பேசிட்டு இருக்கீங்களே.

மகராஜ்: விவேகானந்தர் வெச்ச வழி அது. ஆத்மனோ மோக்ஷார்த்தம் ஜகத் ஹிதாய ச, தன்னோட விடுதலைக்கும் உலகத்தோட நன்மைக்கும்னு ரெண்டையும் சேத்தே சொன்னாரு. அவரு கூட ராமகிருஷ்ணருக்குச் சீடரா இருந்த சசி மகராஜ், அதான் ராமகிருஷ்ணானந்தர், 1897ல மெட்ராஸ் வந்து, ஐஸ் ஹவுஸ்ங்கற கட்டடத்துல இருந்துகிட்டு பூஜையும் பண்ணிட்டு ஊரெல்லாம் போயி கிளாஸ் எடுத்தாரு. அந்த ஓட்டம்தான் இன்னும் ஓடிட்டு இருக்கு.

நான்: எதை விடறது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு மகராஜ்?

மகராஜ்: எல்லாரும் கல்யாணம்னு நெனப்பாங்க. அது கஷ்டம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு, என் இஷ்டம்னு ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதை விடறதுதான். ஒரு ஆசிரமத்துல பதினோரு வருஷம் இருந்தேன், நானே வெச்ச தென்னங்கன்னு அம்பது, பாளை விட்ட வருஷம் ஹெட் ஆஃபீஸ்ல இருந்து மாத்தல் லெட்டர் வந்துச்சு. ஒரு பை, ரெண்டு செட் துணி, ஜபமாலை, கிளம்பிட்டேன். பஸ்ல உக்காந்து அந்தத் தோப்பையே நெனச்சுட்டு வந்தேன். காவி கட்டி பத்து வருஷம் ஆயிருந்துச்சு அப்ப.

நான்: இப்ப அந்த மரத்தை எல்லாம் போயி பாத்தீங்களா?

மகராஜ்: இல்ல. அங்க இருக்கற சுவாமி ஒருக்கா ரெண்டு இளநி குடுத்து விட்டாரு. இங்க பசங்களுக்கு வெட்டிக் குடுத்துட்டேன்.

காட்சி: கோயில் வாசல். வெளிச்சம் மங்குது. பிள்ளைங்க செருப்பைக் கழட்டி வரிசையா வெக்கிறாங்க.

நான்: இன்னும் ரெண்டே கேள்வி மகராஜ்...

காட்சி: மணிச் சத்தம். மகராஜ் பாதியிலேயே எந்திரிக்கிறாரு.

மகராஜ்: ஆரத்தி தம்பி. நீங்களும் வாங்க, மைக்கை அங்க வெச்சுட்டு வாங்க.

காட்சி: கேமரா படிக்கட்டுல. உள்ள எல்லாரும் சேந்து பாடற சத்தம் மட்டும், கண்டன பவ பந்தனங்கற ஆரத்திப் பாட்டு. ரெண்டு நிமிஷம் அப்படியே விடணும், மேல மியூசிக் போடக் கூடாது.