பொருள்: செவ்வாய், வியாழன் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி – இரண்டு மாதச் சோதனை முறையில்

வணக்கம் சார்,

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் செவ்வாய், வியாழக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பிசியோதெரபி நடக்கிறது. அந்த இரண்டு நாளும் காலை எட்டு மணிக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிறார்கள். அம்மாவைப் பிடித்து நடக்கவைக்க சித்தியோடு இன்னொரு ஆள் வேண்டும். நான் கூடுவாஞ்சேரியில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலில் ரயில் மாறி அம்பத்தூர் வர வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறேன். பயிற்சி ஒன்பதுக்குள் முடிந்துவிடும். அதன்பின் பகல் முழுக்க சித்தி பார்த்துக்கொள்வார். எனவே ஒன்பதரைக்கு வழக்கம்போல லாகின் செய்துவிடுவேன்.

வேலைக்கும் இதில் நன்மை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் நம் கொள்முதல் பதிவேட்டோடு ஒவ்வொரு பில்லாக ஒப்பிடுகிறோம். சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 தாமதமாகப் போட்டிருந்தாலோ, பில் நம்பரைத் தப்பாகப் போட்டிருந்தாலோ அவரைப் பிடித்துப் பேச வேண்டும். இல்லையென்றால் அந்த வரிப்பணத்தை இந்த மாதம் எடுக்க முடியாது. 20-ஆம் தேதி 3பி தாக்கல். இடையில் கிடைப்பதே சில நாட்கள்தான். ஆபீசில் கவுன்ட்டருக்கு வருகிறவர்களுக்கும் குடோன் போன்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இதைச் செய்வதால், வித்தியாசப் பட்டியல் உங்கள் கைக்கு வர 18 ஆகிவிடுகிறது. சோதனை மாதங்களில் 17-ஆம் தேதி மாலைக்குள் தருகிறேன். சரிபார்க்க உங்களுக்கும் கூடுதலாக ஒரு நாள் கிடைக்கும்.

வவுச்சர், செக், ஒரிஜினல் பில் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டேன். அவற்றை மற்ற நாட்களில் ஆபீசிலேயே முடிப்பேன். டேலியை ஆபீஸ் லேப்டாப்பில், விபிஎன் வழியாக மட்டுமே திறப்பேன். வீட்டில் பைபர் இணைப்பும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. டிடிஎஸ் கட்டும் 7, ஜிஎஸ்டிஆர்-1 போடும் 11, 3பி போடும் 20 ஆகிய தேதிகள் செவ்வாய், வியாழனில் வந்தால் அன்று கட்டாயம் ஆபீஸ் வருவேன். ஆடிட்டர் வந்தாலும் அப்படித்தான். பயிற்சிக்கு அன்று பக்கத்து வீட்டு அக்கா உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கவுன்ட்டரில் என் வேலை மற்றவர்கள் தலையில் விழக்கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம். ரேவதியிடம் பேசிவிட்டேன். அந்த இரண்டு நாள் வரும் பில்களை அவர் வாங்கி வைப்பார். பதிலுக்கு அவருடைய வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை நான் செய்துகொடுப்பேன்.

ஜூலை முடிந்ததும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். பட்டியல் தாமதமானாலோ, போனில் நான் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னாலோ அந்த வாரமே நிறுத்திவிடலாம். ஆகஸ்டுக்குப் பிறகு தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

இந்த வாரம் உங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் நேரில் வந்து பேசுகிறேன் சார்.

நன்றி,
மகேஸ்வரி
கணக்குப் பிரிவு