23 வயதில் இருக்கும் எனக்கு

அன்புள்ள நீயே,

முதல் சம்பளம் வந்த கையோடு கிரெடிட் கார்டும் வாங்கியிருப்பாய். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று நினைக்காதே. மாதம் 3% வட்டி சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி ஏறினால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்தக் கடனை அடைக்க எனக்கு நாலு வருடம் ஆனது. சேமிப்பிலும் இதே கணக்குதான்: ஆண்டுக்கு 8% வளரும் பணம் சுமார் 9 ஆண்டில் இரட்டிப்பாகும். சம்பளம் வந்த அன்றே கொஞ்சம் ஒதுக்கிவிடு. செலவு போக மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

அப்புறம், பக்கத்து மேசை அண்ணன். ஒருநாள் இரவு உன் அறிக்கையில் கூட்டுத்தொகை இடிக்கும்; நீ அழாத குறை. கிளம்பத் தோளில் மாட்டிய பையைக் கழற்றி வைத்துவிட்டு, பென்சிலால் வரி வரியாக டிக் அடித்துக்கொண்டே வருவார். இரண்டு முறை பதிவான ஒரு வரியில் பென்சில் நிற்கும். மறுநாள் மேலாளர் பாராட்டியபோது நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. நீ சொல்லிவிடு. அவர் ஓய்வு பெற்றுப் போனபின் சொல்வதற்கு அந்தச் சபையே இல்லை. இன்னும் உறுத்துகிறது.

பதவி உயர்வு ஒருமுறை கை நழுவும். இரவில் ராஜினாமாக் கடிதம் எழுதுவாய். எழுது, ஆனால் காலைவரை அனுப்பாதே. நான் விடிந்ததும் படித்துப் பார்த்தேன். கோபம் இருந்தது, காரணம் இல்லை. பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. என்னிடம் என்ன குறை என்று மேலாளரிடம் நேரில் கேட்டேன். அவர் சொன்ன இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ள ஒன்றரை வருடம் பிடித்தது.

சரி, அம்மா போன் செய்தால் எடு. வேலை ஐந்து நிமிடம் காத்திருக்கும்.

அன்புடன்,
43 வயது நான்