வீட்டுக்குப் போன பிறகு: உங்களுக்கான டிஸ்சார்ஜ் குறிப்புகள்

டிஸ்சார்ஜ் தேதி: 12 மார்ச் 2026, வியாழன்
எதற்காகச் சேர்க்கப்பட்டீர்கள்: இதயச் செயலிழப்பு, உடலில் நீர் கோர்த்தல்
கிளம்பும்போது எடை: 64.2 கிலோ

சம்மரியின் முதல் பக்கத்தில் மருத்துவர் எழுதியிருப்பதைத்தான் இங்கே பேச்சு நடையில் தந்திருக்கிறோம். சம்மரியில் உள்ள மருந்தையோ அளவையோ இங்கே மாற்றவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதாகத் தோன்றினால் நீங்களாக முடிவெடுக்காமல் வார்டு நர்ஸிடம் கேளுங்கள். வார்டின் போன் எண் கோப்பின் அட்டையில் அச்சாகியுள்ளது.

உங்களுக்கு என்ன நடந்தது

"இதயச் செயலிழப்பு" என்றால் இதயம் நின்றுபோய்விட்டது என்று அர்த்தமில்லை. அது ரத்தத்தை வேண்டிய அளவு வேகமாகத் தள்ளவில்லை. அதனால் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கியது. கால் வீங்கியதும், படுத்தால் மூச்சு முட்டியதும் அதனால்தான். சேர்ந்திருந்த நீரை மருந்து கொடுத்து இறக்கியிருக்கிறோம். கவனிக்காமல் விட்டால் மறுபடியும் சேரும்.

உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியவை

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இளஞ்சிவப்பு நுரையோடு சளி வருவது, நெஞ்சு வலி, மயங்கி விழுவது, உதடோ நாக்கோ முகமோ திடீரென வீங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் வார்டுக்குப் போன் செய்து காத்திருக்க வேண்டாம். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் வர வேண்டாம். உதடோ நாக்கோ முகமோ வீங்கியிருந்தால் அடுத்த வேளை ராமிப்ரிலைப் போடக் கூடாது. அந்த மருந்தாலும் இப்படி வீங்கலாம்.

தினமும் காலையில் எடை

இந்தத் தாளில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பெரும்பாலும் கால் வீங்குவதற்கு முன்பே எடை ஏறிவிடும்.

எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், தினமும் ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். எடை மெஷின் மெத்தை விரிப்பில் இல்லாமல் கெட்டியான சமதரையில் இருக்க வேண்டும். நாளை காலை (13 மார்ச்) வீட்டு மெஷின் காட்டும் எடைதான் உங்கள் ஆரம்ப எடை. அது 64.2 ஆக இல்லாவிட்டால் பதற வேண்டாம், இரண்டு மெஷின்கள் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். அன்றன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள்.

3 நாட்களுக்குள் 2 கிலோ அல்லது அதற்கு மேல் ஏறினால் அன்றைக்கே வார்டுக்குப் போன் செய்யுங்கள். உதாரணம்: 13ஆம் தேதி 64.5, 14ஆம் தேதி 64.9, 15ஆம் தேதி 65.8, 16ஆம் தேதி 66.6. எந்த ஒரு நாளிலும் ஒரு கிலோகூட ஏறவில்லை. ஆனால் 13க்கும் 16க்கும் 2.1 கிலோ வித்தியாசம். இது போன் செய்ய வேண்டிய எடை. நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் இதைத் தவறவிடுவீர்கள்.

மாத்திரைகள்

சம்மரியில் "1-1-0" என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு இல்லை என்று பொருள்.

ஃபியூரோசமைடு 40 மி.கி., 1-1-0. நீரை வெளியேற்றும் மாத்திரை. காலை 8 மணிக்கு ஒன்று, மதியம் 2 மணிக்கு ஒன்று. இரவில் போட்டால் தூங்க முடியாமல் சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கும், அதனால்தான் இரவு வேளை இல்லை. மதிய வேளை மறந்துபோனால் மாலை 4 மணி வரை போடலாம். அதற்குப் பிறகு விட்டுவிடுங்கள்.

ராமிப்ரில் 2.5 மி.கி., 1-0-1. இதன் அளவு மாறியிருக்கிறது. முன்பு 5 மி.கி. எடுத்தீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் 5 மி.கி. காப்ஸ்யூல்களைத் தனியே எடுத்து வைத்து, ரிவ்யூவுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். காப்ஸ்யூலைப் பிரித்துப் பாதியாக்க வேண்டாம், அளவு சரியாக வராது. வறட்டு இருமல் வந்தால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பைசோப்ரோலால் 1.25 மி.கி., 1-0-0. புதியது. இதயத் துடிப்பை நிதானப்படுத்தும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று திடீரென நிறுத்தக் கூடாது.

ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி., 1-0-0. புதியது. இதுவும் ராமிப்ரிலும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றலாம். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் "குறைந்த சோடியம் உப்பு" என்று விற்கும் பாக்கெட் வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம்தான்.

பாராசிட்டமால் 500 மி.கி., "எஸ்.ஓ.எஸ்." வலி இருந்தால் மட்டும் ஒன்று என்று பொருள். இரண்டு வேளைக்கு இடையே 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 4க்கு மேல் வேண்டாம்.

நிறுத்தப்பட்டது: டைக்ளோஃபெனாக். மூட்டு வலிக்கு நீங்கள் போட்டுவந்தது. இதுவும் ஐபுப்ரோஃபெனும் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். கடையில் வலி மாத்திரை வாங்கும்போது இந்தத் தாளைக் காட்டுங்கள்.

எந்த மாத்திரையையும் மறந்ததற்கு ஈடாக இரண்டாகப் போடக் கூடாது.

குடிப்பது, உப்பு

ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்றரை லிட்டர். தண்ணீர் மட்டுமல்ல, காபி, டீ, பால், சூப், கஞ்சி, மாத்திரையோடு குடிக்கும் தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கணக்கு வைக்க ஒரு வழி: காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். வேறு எதையாவது ஒரு டம்ளர் குடித்தால், பாட்டிலிலிருந்து அதே டம்ளர் அளவு தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தாகமாக இருந்தால் வாய் கொப்பளிக்கலாம்.

உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சமையலில் சேரும் உப்பும் பாக்கெட் உணவில் இருக்கும் உப்பும் இதற்குள் அடக்கம்.

அன்றைக்கே போன் செய்ய வேண்டியவை

எடை மேலே சொன்னபடி ஏறுவது, கால் வீக்கம் கூடுவது, தலையணை கூடுதலாக வைத்தால்தான் தூங்க முடிவது, நாடித்துடிப்பு 50க்குக் கீழ் போவது, தலைசுற்றலோடு ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழ் இறங்குவது.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் போன் செய்யுங்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது ஃபியூரோசமைடு, ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றும் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தலாம். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.

அடுத்து வர வேண்டிய நாட்கள்

19 மார்ச், வியாழன், காலை 9 மணி: ரத்தப் பரிசோதனை (பொட்டாசியம், கிரியேட்டினின்). வெறும் வயிறு தேவையில்லை. காலை மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுவிட்டு வாருங்கள்.

26 மார்ச், வியாழன், காலை 10 மணி: இதய ஓ.பி. எடை நோட்டு, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகள், இந்தத் தாள் மூன்றையும் கொண்டு வாருங்கள். அட்டைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டு வந்தால் எது எந்த மாத்திரை என்று எங்களால் சொல்ல முடியாது.