ஆபரேஷன்ஸ் இன்சார்ஜ் போஸ்ட் விஷயமா

தம்பி, இத நேர்ல உக்காந்து சொல்லணும்னு தான் நெனச்சேன், ஆனா இந்த வாரம் உனக்கு நைட் ஷிப்ட், நாளைக்கு காலைல நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவாங்க, அத பார்த்து நீ தெரிஞ்சுக்கக் கூடாது. ஆபரேஷன்ஸ் இன்சார்ஜ் போஸ்ட் உனக்குக் கிடைக்கல. டெலிவரி டெஸ்க் அக்காவுக்குக் கொடுத்திருக்கோம். மூணு பேர் சேர்ந்து எடுத்த முடிவு, அதுல நானும் ஒருத்தன், நானும் அவங்களுக்குத் தான் சொன்னேன்.

ஒன்பது வருஷம் கண்டெய்னர் யார்டுல உழைச்சவனுக்கு இது வலிக்கும்னு எனக்குத் தெரியும்.

மொதல்ல ஒண்ணு, டிப்ளமோ முடிக்காததுனாலயோ காசிமேட்டுப் பையன்ங்கறதுனாலயோ இது நடக்கல. அப்படி யாராவது கேன்டீன்ல சொன்னா நம்பாத, படிப்பப் பத்தின பேச்சே அந்த ரூம்ல வரல. உன் வேலைய யாரும் கொறை சொல்லல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ ரெண்டு ராத்திரி வீட்டுக்குப் போகாம ரீச் ஸ்டேக்கர் ஆப்பரேட்டர கூடவே வச்சுக்கிட்டு அடி வரிசைல இருந்த லோடு பாக்ஸ எல்லாம் மேட்டுப் பக்கம் மாத்தினியே, அத நான் தான் பேனல்ல எடுத்துச் சொன்னேன்.

பிரச்சனை என்னன்னா, யார்டு மொத்தமும் உன் தலைக்குள்ள இருக்கு, பேப்பர்ல இல்ல. ஜூன்ல அந்த எறா பார்ட்டியோட ரீஃபர்ல அலாரம் அடிச்சப்போ நீ சரியா தான் செஞ்ச, உடனே எலக்ட்ரீஷியன கூப்பிட்டு பிளக்க மாத்திட்ட, ஆனா டெம்பரேச்சர ரெஜிஸ்டர்ல ஏத்தல, அடுத்த ஷிப்டுக்கு போன்ல மட்டும் சொல்லிட்டுக் கெளம்பிட்ட, பார்ட்டி க்ளெய்ம்னு வந்து நின்னப்போ காட்டறதுக்கு நம்மகிட்ட ஒரு வரி கூட இல்ல. நீ லீவு போட்டா உன் ஷிப்ட் பசங்க ஒரு பாக்ஸ் தேட ஒரு மணி நேரம் ஆவுது. இன்சார்ஜ் ஆளு இல்லாதப்பவும் வேலை ஓடணும்டா.

ரெண்டாவது, டாகுமெண்ட் பக்கம். இன்டர்வியூல க்ளியர் ஆகாம கிடக்கற சரக்க என்ன பண்ணுவன்னு கேட்டதுக்கு "அத டெஸ்க்ல பார்த்துப்பாங்க"ன்னுட்ட. கஸ்டம்ஸ் சட்டம் 48வது பிரிவு, இறக்கி 30 நாள் தாண்டினா இம்போர்ட்டருக்கு நோட்டீஸ் போட்டு கஸ்டம்ஸ் அனுமதியோட விக்கலாம், இத இன்சார்ஜ் தான் ஆரம்பிக்கணும். 2020ல பெய்ரூட் வெடிச்ச கொஞ்ச நாள்லயே நம்ம மணலில 2015ல பிடிச்சு வச்ச 37 கண்டெய்னர் அம்மோனியம் நைட்ரேட்ட ஹைதராபாத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்களே, ஞாபகம் இருக்கா, எந்த பாக்ஸ்ல என்ன இருக்கு எத்தன நாளா இருக்குன்னு தெரியாத ஆள நான் அந்த சீட்ல வைக்க முடியாது.

இதுல என் தப்பும் இருக்கு. ரெஜிஸ்டர் விஷயத்த போன ரெண்டு அப்ரைசல்லயும் நான் எழுதவே இல்ல, நல்லா வேலை செய்றான்னு விட்டுட்டேன். அப்பவே சொல்லியிருந்தா நீ இந்நேரம் சரி பண்ணியிருப்ப. மன்னிச்சுக்க.

இனிமே என்னன்னா, அடுத்த மாசத்துலேர்ந்து ஆறு மாசம், மாசத்துல ஒரு வாரம் நீ டெஸ்க்ல உக்காருற, பில் ஆஃப் என்ட்ரிலேர்ந்து அவுட் ஆஃப் சார்ஜ், கேட் பாஸ் வரைக்கும் நீயே பார்க்கணும், அந்த வாரம் யார்டுக்கு மாத்து ஆள் நான் போடறேன். 30 நாள் தாண்டின சரக்கு லிஸ்ட இனி வாராவாரம் திங்கக்கிழமை நீ தான் எனக்கு அனுப்பணும். ஹேண்டோவர் ரெஜிஸ்டர் உன் பொறுப்பு, அத ஒரு பையனுக்கு நீயே கத்துக்கொடு, நீ லீவுல இருக்கற நாள் அவன் ஷிப்ட் எப்படி ஓட்டுறான்னு தான் நான் பார்ப்பேன். ஆபத்தான சரக்குக்கான ஐஎம்டிஜி ட்ரெய்னிங்குக்கு கம்பெனி காசு கட்டும், அப்ரூவல் வாங்கிட்டேன். மாசாமாசம் மொத சனிக்கிழமை நாம உக்காந்து எங்க நிக்கறோம்னு பேசுவோம், நானும் எழுதி வைக்கறேன்.

எக்ஸ்போர்ட் ஷெட்ல இருக்கற பெரியவர் ஏப்ரல்ல ரிட்டயர் ஆவுறாரு. அந்த சீட் உனக்குத் தான்னு வாக்கு கொடுக்க மாட்டேன், அப்பவும் இன்டர்வியூ இருக்கும். இதெல்லாம் செஞ்சுட்டு வந்தா உன் பேர நானே எழுதித் தருவேன். அதுவரைக்கும் சம்பளம் இப்ப இருக்கறது தான், நைட் அலவன்ஸ் மட்டும் ஏத்தச் சொல்லி கேட்டிருக்கேன், பதில் வரல.

அந்த அக்காகிட்ட நீ இன்னிக்கே போய் வாழ்த்து சொல்லணும்னு இல்ல, ஆறட்டும். உன்கூட வேலை செய்யறதுல அவங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லன்னு என்கிட்ட சொன்னாங்க.

இதுக்கு இப்பவே பதில் போடணும்னு அவசியம் இல்ல. கோவம் இருந்தா என்கிட்டயே காட்டு. சனிக்கிழமை தூங்கி எழுந்து நாலு மணிக்கு வந்தா போதும், டோல்கேட் பக்கத்து டீக்கடைல இருப்பேன், டெஸ்க் எந்த வாரம் உனக்குத் தோதுன்னு மட்டும் யோசிச்சுட்டு வா.