இடது மார்பகப் புற்றுநோய்: சிகிச்சை முடிந்து தங்களிடம் திரும்பும் நோயாளி குறித்து

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரியில் இடது மார்பில் கட்டி என்று தாங்கள் அனுப்பிய 54 வயது அம்மாவுக்கு இங்கு சிகிச்சை முடிந்துவிட்டது. சர்க்கரை நோய்க்கு இனி தங்களிடமே வருவார்.

நோய்: இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3. கட்டி 38 மி.மீ.; அக்குளில் எடுத்த 16 நெறிகளில் 2இல் நோய் இருந்தது. டி2 என்1 எம்0, நிலை 2பி. ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

மார்ச்சில் மார்பகமும் அக்குள் நெறிகளும் அகற்றப்பட்டன. பிறகு டாக்ஸோரூபிசின் (60 மி.கி./ச.மீ.), சைக்ளோபாஸ்பமைடு (600 மி.கி./ச.மீ.) மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு சுற்று, அதன்பின் பாக்ளிடாக்சல் (80 மி.கி./ச.மீ.) வாரம் ஒன்றாக 12. இரண்டாம் சுற்றுக்குப்பின் வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்து மூன்று நாள் அட்மிட் ஆனார், வேறு சிக்கலில்லை. நவம்பர் முதல் வாரத்தில் கதிர்வீச்சு முடிந்தது: 15 நாள், 40 கிரே. எக்கோவில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் முன்பு 62%, இப்போது 58%.

இப்போது லெட்ரசோல் 2.5 மி.கி. தினம் ஒன்று, ஐந்தாண்டு. கால்சியம், வைட்டமின் டி உண்டு. எலும்பு அடர்த்தி குறைவு (டி ஸ்கோர் –1.8) என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இங்கு ஜோலிட்ரானிக் அமிலம் போடுகிறோம். பல் பிடுங்க நேர்ந்தால் எங்களைக் கேட்டுவிட்டே செய்யவும். தாடை எலும்பு புண்ணாகி ஆறாமல் போகலாம்.

மூட்டுவலி பெரும்பாலும் லெட்ரசோலால்தான். வலி தாங்காமல் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள்; இவரும் கேட்டால்தான் சொல்வார். மருந்தை மாற்றிக்கொள்ளலாம், நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறப்புறுப்பு வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுத வேண்டாம்.

இடது கையில் பி.பி. பார்ப்பது, ஊசி, ரத்தம் எடுப்பது தவிர்க்கவும். அந்தக் கை சிவந்து சூடாக இருந்தால் அன்றே ஆன்டிபயாடிக் தொடங்குங்கள். வீக்கம் மட்டுமென்றால் பிசியோதெரபிக்கு அனுப்புங்கள்.

வரும் மே வரை வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் கதிர்வீச்சால் நுரையீரல் அழற்சி இருக்கலாம். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து நாள் கடத்தாமல் எக்ஸ்ரே எடுங்கள். காசநோய் இல்லையென்று சளியில் பார்க்காமல் ஸ்டீராய்டு வேண்டாம். படுத்தால் மூச்சுத்திணறல், கால்வீக்கம் என்றால் எக்கோ.

மீண்டும் நோய் வந்ததா என்று சந்தேகிக்க வேண்டியவை: தழும்பருகே வலியில்லாத சிறு முடிச்சு, கழுத்தில் நெறி, இரண்டு வாரம் தாண்டியும் போகாத, இரவில் கூடும் எலும்புவலி, புதிய தலைவலியுடன் வாந்தி, காரணமில்லாத எடைக்குறைவு. முடிச்சை அங்கே வெட்டியெடுக்க வேண்டாம். இங்கு ஊசி பயாப்சி செய்கிறோம்.

முதுகுவலியோடு கால் பலவீனமோ சிறுநீர் தடையோ வந்தால் மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. டெக்ஸாமெத்தசோன் 16 மி.கி. கொடுத்து அன்றே அனுப்புங்கள். சர்க்கரை ஏறும், குறிப்பெழுதி விடுங்கள்.

அறிகுறியில்லாமல் ட்யூமர் மார்க்கரும் பெட் ஸ்கேனும் தேவையில்லை, வீட்டார் வற்புறுத்துவார்கள். வலது மார்புக்கு ஆண்டுதோறும் மாம்மோகிராம் போதும், அடுத்தது பிப்ரவரியில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கு வருவார்.

அன்புடன்,
புற்றுநோய் மருத்துவர், மருத்துவப் புற்றுநோயியல் பிரிவு