தண்டையார்பேட்டையில் ஒரு வாரம்

ஞாயிறு, இரவு 10 மணி

தென்காசியிலிருந்து வந்து ஒரு வாரம் முடிந்திருக்கிறது. இதுவரை மூன்று முறை வழி தவறியிருக்கிறேன். மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு வரும் சந்துகள் மட்டும் இப்போது மனதில் பதிந்திருக்கின்றன.

கீழ்வீட்டு அக்கா நேற்று விடியற்காலையில் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனார். இவ்வளவு மீனை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி, "சிவப்பா இருக்கா பாரு, அப்புறம் வாங்கு" என்றார். அந்த ஈரச் சிவப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோவும் சாப்பிட்டிருக்கிறேன். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். கூடவே சூடான வாழைத்தண்டு சூப்.

அம்மாவிடம் இன்னும் அழுததைச் சொல்லவில்லை. அக்கா கொடுத்த மீன் குழம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.