கணக்காளர் | பின்னலாடை ஏற்றுமதி, திருப்பூர்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது சுமார் 200 தொழிலாளர்கள் உள்ள ஒரு நிறுவனத்தில் முதுநிலைக் கணக்காளர். பிரிவில் என்னையும் சேர்த்து நான்கு பேர்.

கோயம்புத்தூரில் பி.காம். படித்தேன். ஓர் ஆடிட்டரிடம் மூன்று ஆண்டுகள் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தேன். சி.ஏ. இன்டர் தேறியிருக்கிறேன், இறுதித் தேர்வை இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. எனவே நான் ஆடிட்டர் அல்ல. ஆடிட்டர் கேள்வி கேட்பதற்கு முன்பே கணக்கை ஒழுங்குபடுத்தி வைப்பது என் வேலை.

இந்தத் தொழிலில் கணக்கு சிக்கலாவது பெரும்பாலும் ஜாப் ஒர்க்கில்தான். நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகிச் சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு. போகிற இடமெல்லாம் எடை மாறும். டெலிவரி சலானில் உள்ள கிலோவும் பில்லில் உள்ள கிலோவும் ஒத்துப்போகாவிட்டால், பணம் போவதற்கு முன் காரணம் கேட்டுவிடுவேன். ஒருமுறை ஒரே சாயக்கூலி டேலியில் இரண்டு தடவை ஏறியிருந்தது: ஒன்று பில் எண்ணில், இன்னொன்று சலான் எண்ணில். இப்போது இரண்டு எண்களும் இல்லாமல் எங்கள் பிரிவில் எந்த வவுச்சரும் பதிவாவதில்லை.

2017இல் ஜிஎஸ்டி வந்த புதிதில் நானே ஒரு தவறு செய்தேன். ஷிப்பிங் பில்லில் இன்வாய்ஸ் எண்ணுக்கு நடுவே ஒரு சாய்கோடு இருந்தது. ஜிஎஸ்டிஆர்-1இல் அதை விட்டுவிட்டேன். SB005 என்ற குறியீட்டோடு ரீஃபண்ட் நின்றுபோனது. பணம் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை முதலாளி தினமும் காலையில் விசாரித்தார். இன்றும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன் ஏற்றுமதி இன்வாய்ஸ் எண்களை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் ஷிப்பிங் பில்லில் சரிபார்க்கிறோம்.

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீடு, டிடிஎஸ், டிராபேக், வங்கியில் ஏற்றுமதித் தொகை வரவு ஆகியவை என் பொறுப்பு. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாமல் போகலாம் என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்களில் பலர் இந்த வகையினர். சனிக்கிழமைதோறும் நிலுவைப் பட்டியலை முதலாளியின் மேசையில் வைக்கிறேன். வரிக்காக மட்டுமல்ல, அவர்களும் சனிக்கிழமைதான் கூலி கொடுக்க வேண்டும்.

கம்பெனிச் சட்ட வேலைகளில் எனக்கு அனுபவம் குறைவு. இரண்டு ஆண்டுகளாக அடக்கவிலைக் கணக்கில் கவனம் செலுத்துகிறேன். ஆர்டர் எடுக்கும்போது மெர்ச்சண்டைசர் போட்ட விலையையும், சரக்கு கப்பலேறிய பிறகு ஒரு டி-ஷர்ட்டுக்கு உண்மையில் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இந்த வேலைக்கு இடம் தரும் நடுத்தர நிறுவனம் எதுவானாலும் பேசத் தயார். திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு எங்கும் வர முடியும்.